தீவுக்குப் போகவும் வேண்டும், வயிறும் பிரட்டக்கூடாது: கொழும்பிலிருந்து கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு வானில் போனாலே சத்தி வரும். நயினாதீவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாகப் போகலாம். குறிகட்டுவானில் படகு ஏறினால் பதினைந்து, இருபது நிமிடத்தில் நயினாதீவில் இறங்கிவிடலாம். இந்த இருபது நிமிடம்தான் உங்கள் அம்மாவுக்குப் பெரிய பாதுகாப்பு.

கடல் குமட்டல் ஒரே அடியில் வருவதில்லை. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது. கண் முன்னால் இருக்கும் ஆசனத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு "இல்லையே, அப்படியே இருக்கிறோம்" என்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்க இருக்கத்தான் உடம்பு குழம்பும். முதலில் கொட்டாவி. அதை நித்திரை என்று நினைத்து யாரும் கவனிப்பதில்லை. அப்புறம் பேச்சு குறையும், முகம் வெளிறும், மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை துளிர்க்கும். வாயில் எச்சில் ஊறத் தொடங்கினால் அடுத்தது சத்திதான். இந்தப் படிகளை எல்லாம் தாண்டப் பெரும்பாலானவர்களுக்கு இருபது நிமிடம் போதாது. கொட்டாவியோடு இறங்கிவிடுவார்கள்.

நானும் வெள்ளவத்தையில் பஸ் ஏறி கொள்ளுப்பிட்டி வருமுன் தலையைப் பிடிக்கிற ஆள்தான். வருஷத்துக்கு ஒருமுறையாவது சொந்தக்காரரை யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குக் கூட்டிக்கொண்டு போவதால் இந்தக் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வரும்.

நெடுந்தீவுக்கும் அதே துறையிலிருந்துதானே படகு? ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிட முடியாதா?

மணிக்கூடு இடம் கொடுத்தாலும் வயிறு இடம் கொடுக்காது. நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதாவது நயினாதீவைவிட மூன்று மடங்கு நேரம். அதோடு, நயினாதீவுக்குப் போகும்போது சுற்றிலும் தீவுகள் கண்ணுக்குத் தெரியும். நெடுந்தீவுப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் திறந்த கடல்.

இதில் பலருக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கிறது. குறிகட்டுவானிலிருந்து பார்த்தால் நெடுந்தீவு தென்மேற்கே இருக்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகக் காற்று வருவதும் தென்மேற்கிலிருந்துதான். ஆகவே போகும்போது படகு அலையை நேருக்கு நேர் வெட்டிக்கொண்டு போகும். டக், டக் என்று அடிக்கும், முன்னால் இருப்பவர்கள் உப்புத் தண்ணியில் நனைவார்கள், ஆச்சிமார் "அம்மாளே" என்று கத்துவார்கள். ஆனால் சத்தி எடுப்பவர்கள் குறைவு. ஏனென்றால் அது இரண்டு விநாடிக்கு ஒரு தரம் வருகிற சின்னக் குலுக்கல்.

திரும்பி வரும்போதுதான் கதை மாறும். இப்போது அலையும் படகும் ஒரே திசையில் போகின்றன. அலை பின்னாலிருந்து மெதுவாக வந்து படகின் பின்பக்கத்தைத் தூக்கும், கொஞ்ச நேரம் தாங்கி வைத்திருக்கும், பக்கவாட்டில் திருகியபடி கீழே விடும். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை, சில வேளை அதைவிட மெதுவாகவும். மனித வயிற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காத ஆட்டம் அதுதான். கப்பல் பயணிகளை வைத்தும் ஆய்வுகூடத்தில் ஆட்டிப் பார்த்தும் செய்த ஆராய்ச்சிகளில், ஏறக்குறைய ஐந்து விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் போகிற அசைவுதான் அதிகமானவர்களைச் சத்தி எடுக்க வைத்தது.

ஒரு ஜூலை மாதம் பன்னிரண்டு பேரோடு போனோம். போகும்போது எல்லோரும் நனைந்து, சிரித்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். "இவ்வளவுதானா, இதுக்கா பயம் காட்டினீர்கள்?" என்று மச்சான் கேட்டார். பின்னேரம் திரும்பி வரும்போது கடல் பார்வைக்குக் காலையைவிட அமைதி. ஒரு துளி தண்ணி உள்ளே தெறிக்கவில்லை. அரை மணி நேரத்தில் முதலில் பேச்சை நிறுத்தியது அந்த மச்சான்தான். பன்னிரண்டில் ஏழு பேர் பையைக் கேட்டார்கள்.

நெடுந்தீவு வேண்டாம் என்று சொல்லவில்லை. குதிரையும் பெருக்கமரமும் பவளக்கல் மதிலும் பார்க்க வேண்டியவைதான். அதற்குத் தனி நாளும் சரியான மாதமும் வேண்டும்.

அப்ப எந்த மாதம் நல்லது?

மார்ச், ஏப்ரல். பெப்ரவரிக் கடைசியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மீன்பிடிக்கிறவர்கள் காற்றுக்கு வைத்திருக்கிற பெயர்களைத் தெரிந்துகொண்டால் இது லேசாகப் பிடிபடும். வடகிழக்கிலிருந்து வருவது வாடை, தென்மேற்கிலிருந்து வருவது சோளகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். வாடை மாரி காலத்தில் தொடங்கி ஜனவரி தாண்டியும் வீசும். சோளகம் மே மாதத்தில் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்காத இடைவெளிதான் மார்ச், ஏப்ரல். காலையில் போனால் குறிகட்டுவான் கடல் சில நாளில் கோவில் கேணி மாதிரிக் கிடக்கும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் அதற்குள் வருகிறது.

இன்னொரு இடைவெளி ஒக்டோபரில் இருக்கிறது, ஆனால் அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. காற்று குறைவுதான். பின்னேரத்தில் இடியும் மழையும் வரும். மாதக் கடைசியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவானால் முழுத் திட்டமும் போச்சு. நவம்பர், டிசம்பரில் புயல் பயமும் சேர்ந்துவிடும்.

பாக்கு நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் பதினைந்து மீற்றருக்கு உள்ளேதான். இந்து சமுத்திரத்தின் பெரிய நீண்ட அலைகள் இராமர் அணை மணற்றிட்டுகளைத் தாண்டி உள்ளே வருவதில்லை. ஆகவே அங்கே அலை என்பது முழுக்க முழுக்கக் காற்று செய்கிற வேலை. காற்று எழும்பினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடல் கொதிக்கும், விழுந்தால் அதே வேகத்தில் அடங்கும். தெற்கே மிரிசைக் கடல் அப்படியில்லை. அங்கே காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தூரத்துப் புயல் அனுப்பிய அலை மெதுவாக உருண்டு வரும். திமிங்கிலம் பார்க்கப் போய் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் அத்தனை பேரும் ஓரத்துக்கு ஓடுவது அதனால்தான்.

எங்களுக்கு ஆகஸ்டில்தான் லீவு. நல்லூர்த் தேர் பார்த்துவிட்டு அப்படியே தீவுக்கும் போவோம் என்று இருக்கிறோம்.

கொழும்புக்காரர் பாதிப்பேரின் திட்டம் இதுதான். அது சோளகக் காலம் என்று யாரும் யோசிப்பதில்லை. நயினை நாகபூஷணி அம்மன் கோவில் மகோற்சவமும் ஆனி மாதத்தில், காற்று நன்றாகப் பிடித்திருக்கிற நேரத்தில்தான் வருகிறது. அம்மனுக்கு லீவு நாள் பார்த்து விழா நடத்த முடியாதல்லவா.

ஆகஸ்டில் போவதென்றால் நெடுந்தீவை விட்டுவிடுங்கள். நயினாதீவு மட்டும், அதுவும் காலையிலேயே. சோளகம் இரவில் கொஞ்சம் தணிந்து, வெயில் ஏற ஏறப் பலக்கும். ஏழு மணிக்கு இருக்கிற கடலும் இரண்டு மணிக்கு இருக்கிற கடலும் ஒன்றல்ல. நெடுந்தீவில் உள்ள சிக்கலும் இதுதான். காலைப் படகில் போனால் திரும்புவது பின்னேரப் படகில், காற்று உச்சத்தில் நிற்கும்போது. நயினாதீவுக்குப் படகுகள் அடிக்கடி ஓடுவதால் பூசை முடிந்ததும் பத்து, பத்தரைக்குள் திரும்பிவிடலாம்.

போன ஆகஸ்டில் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது இப்படித்தான். அவவுக்கு அறுபத்தெட்டு வயது. பம்பலப்பிட்டியிலிருந்து மருதானை போவதற்கே எலுமிச்சம்பழம் கையில் வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு இரவு தங்கினோம். விடிய ஐந்தரைக்குக் குளிசை, இரண்டு துண்டு பாண், பால் இல்லாத தேத்தண்ணி. ஆறு மணிக்கு வான். பெரியம்மா முன் ஆசனத்தில். ஏழரைக்குப் படகு. காற்று அப்போதே கொஞ்சம் இருந்தது. படகின் நடுப்பகுதியில், வெளியே பார்க்கக்கூடிய இடத்தில் இருத்தினோம். அக்கரையில் தெரிந்த கோபுரத்தைக் காட்டி, "இதை விட்டுக் கண்ணை எடுக்கவேண்டாம்" என்றேன். அவ கும்பிட்டபடி பார்த்துக்கொண்டே வந்தா. பாதி வழியில் இரண்டு கொட்டாவி, அவ்வளவுதான். பத்து மணிக்குத் திரும்பினோம். அதற்குள் அலை நுனியெல்லாம் வெள்ளை. இன்னும் ஒரு மணி நேரம் சுணங்கியிருந்தால் தப்பியிருக்கமாட்டா என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்டில் தீவு ஒன்று கட்டாயம் வேண்டும், ஆனால் யாழ்ப்பாணம்தான் என்று இல்லை என்றால் திருகோணமலைக்குப் போங்கள். நிலாவெளிக்கு எதிரே, ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. அதே சோளகம் அங்கே தரையைக் கடந்து கடலுக்குப் போவதால் கரையோரக் கடலில் பெரிய அலை எழுவதற்கு இடமில்லை. மேற்கிலும் வடக்கிலும் கடல் கொந்தளிக்கிற மாதங்கள்தான் கிழக்குக்கு நல்ல மாதங்கள். படகில் பத்து நிமிடம் அளவுதான். ஒன்று மட்டும் கவனம்: முகத்தைத் தண்ணிக்குள் வைத்து மிதந்து பவளப்பாறை பார்க்கும்போதும் வயிறு பிரட்டும். அப்படித் தோன்றினால் தலையை நிமிர்த்திக் கரையைப் பாருங்கள்.

வெள்ளவத்தையில் இரவு பஸ், விடிய யாழ்ப்பாணம், முகம் கழுவிவிட்டு நேரே குறிகட்டுவான். சரிதானே?

செய்யாதீர்கள். குமட்டலுக்கு பஸ், வான், படகு என்று வேறுபாடு தெரியாது, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதும். ஏழெட்டு மணி நேரம் ஏ.சி. பஸ்ஸில், திரை இழுத்து, சத்தமாகப் படம் போட்டு, அரை நித்திரையில் வந்தவருடைய கணக்கு காலையிலேயே பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். பிறகு குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேர வான் ஓட்டம். படகு அந்தக் கணக்கின் கடைசி வரிதான், ஆனால் பழி முழுக்கக் கடல் மேல் விழும்.

பகல் ரயில் நல்லது. சன்னல் பக்கம், ரயில் போகிற திசையைப் பார்த்து இருங்கள். ஒரு இரவு யாழ்ப்பாணத்தில் நன்றாக நித்திரை கொள்ளுங்கள். அந்த ஒரு இரவுக்கான அறைக்காசு, நான் பார்த்தவரையில், எந்தக் குளிசையையும்விட நன்றாக வேலை செய்கிறது.

படகில் எங்கே இருப்பது?

நீளத்தில் நடுவில், அல்லது நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால். சீசோ பலகையை நினைத்துப் பாருங்கள். நுனியில் இருப்பவர்தான் அதிகம் மேலே போவார், கீழே வருவார். படகின் முன்பக்கம் அந்த நுனி. காற்று வாங்கலாம் என்று முன்னால் ஓடுகிற பிள்ளைகள்தான் முதலில் சத்தி எடுக்கும்.

தீவுப் படகுகள் பலவற்றில் தட்டுக்குக் கீழே குனிந்து இறங்கும் ஆசனப் பகுதி இருக்கும். வயதானவர்களை "உள்ளே இருங்கோ ஆச்சி, பயமில்லை" என்று அங்கே அனுப்புவார்கள். ஆட்டம் அங்கே குறைவு என்பது உண்மை. ஆனால் வெக்கை, டீசல் மணம், தோளோடு தோள் கூட்டம், வெளியே பார்க்க வழியில்லை. பிரட்டுகிற ஆளுக்கு அது ஆகாத இடம். படிக்கட்டுக்குப் பக்கத்தில், தலை நிமிர்ந்தால் கடலோ கரையோ தெரிகிற இடத்தைக் கேட்டு வாங்குங்கள். படகுக்காரரிடம் "அண்ணை, அம்மாவுக்குச் சத்தி வரும்" என்று ஏறும்போதே சொன்னால் போதும், அவர்களே இடம் பார்த்துத் தருவார்கள். தங்கள் படகு கழுவ வேண்டி வருவதை அவர்களும் விரும்பமாட்டார்கள்.

புகை இன்னொரு விஷயம். காற்று முன்னாலிருந்து வந்தால் எஞ்சின் புகை பின்னால் போய்விடும். பின்னாலிருந்து வந்தால், அதுவும் படகின் வேகத்திலேயே வந்தால், புகை எங்கும் போகாமல் படகோடு சேர்ந்தே வரும். அப்போது பின்பக்கத்தை விட்டு நடுவுக்கு வந்துவிடுங்கள்.

மிதவை அங்கியைத் தளர்த்தலாம், கழற்ற வேண்டாம். போனைப் பைக்குள் வையுங்கள். "போய்க்கொண்டிருக்கிறோம்" என்று குடும்ப வாட்ஸப் குழுவுக்கு எழுதிய அந்த ஒரு நிமிடத்தில் வயிறு பிரட்டி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடல் எப்படி இருக்கும் என்று முதல் நாளே தெரிந்துகொள்ள முடியுமா?

வானிலை அவதான நிலையம் கடற்றொழிலாளருக்காக வெளியிடும் அறிவிப்பைப் பாருங்கள். கரையோரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, காற்று எந்தத் திசையில், மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது மன்னார், காங்கேசன்துறை வருகிற துண்டு. கொழும்பு, காலி பற்றிச் சொல்வதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். போனில் பார்ப்பதானால் Windy செயலியில் நெடுந்தீவை வைத்து மணிவாரியாகக் காற்றைப் பார்க்கலாம்.

என் சொந்தக் கணக்கு இது: காற்று மணிக்கு இருபது கிலோமீற்றருக்குக் கீழே என்றால் யாரையும் கூட்டிப்போவேன். இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் நயினாதீவு மட்டும், அதுவும் காலையில். முப்பதைத் தாண்டினால் பிரட்டுகிற ஆட்களோடு படகு ஏறமாட்டேன். முப்பத்தைந்து தாண்டினால் நானும் ஏறமாட்டேன்.

துறையில் நின்று கண்ணாலும் பார்க்கலாம். அலை நுனியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை என்றால் காற்று பதினைந்து அளவில் இருக்கும். பார்க்கிற பக்கமெல்லாம் வெள்ளை என்றால் முப்பதை நெருங்கிவிட்டது. ஆனால் புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதியில் நின்று பார்த்துவிட்டு "கடல் அமைதி" என்று சொல்லாதீர்கள். அங்கே தண்ணி முழங்கால் அளவு, சுற்றிலும் தரை. எந்தக் காற்றுக்கும் அது குளம் மாதிரித்தான் கிடக்கும்.

என்ன குளிசை போடுவது, எப்போது?

கொழும்பு ஃபார்மசிகளில் பொதுவாகக் கொடுப்பது சினரிசின். ஸ்டுகெரோன் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெரியவர்களுக்கு 25 மில்லிகிராம் குளிசை ஒன்று, படகு ஏறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு முன். பலர் செய்கிற பிழை துறையில் வந்து நின்று போடுவது. அது வேலை செய்யத் தொடங்கும்போது நீங்கள் கோவிலில் நிற்பீர்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டாலும் பெரிதாகப் பிரயோசனம் இல்லை, வயிறு அந்த நேரத்தில் எதையும் உள்ளே அனுப்பாது.

புரோமெதசின் இன்னும் பலமானது, ஆனால் ஆளை அடித்துப் போடும். அதை முதல் நாள் இரவு படுக்கும்போது போடுவார்கள். அடுத்த நாளும் தூக்கக் கலக்கம் இருக்கும் என்பதால் வான் ஓட்டுகிறவர் தொடவே கூடாது. சினரிசினும் சிலருக்கு நித்திரை தரும். முதல் தரம் என்றால் வீட்டில் இருக்கிற ஒரு நாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரணச் சத்திக்கு என்று வீட்டில் இருக்கிற டொம்பெரிடோன் இங்கே உதவாது. காதிலிருந்து கிளம்புகிற இந்தக் குழப்பத்தை அது தொடுவதே இல்லை. "குளிசை போட்டும் சத்தி வந்தது" என்று சொல்கிறவர்களிடம் எந்தக் குளிசை என்று கேட்டால் பாதி நேரம் இதுதான்.

கண் அழுத்த நோய், புரொஸ்டேட் வீக்கம், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வேறு நித்திரைக் குளிசையோ மனநலக் குளிசையோ எடுப்பவர்கள் தங்கள் டொக்டரிடம் கேட்காமல் இவற்றைப் போடக்கூடாது.

இஞ்சி சிலருக்குக் கொஞ்சம் உதவும். நான் இஞ்சித் துண்டை உப்பில் பிரட்டிக் கொண்டுபோவேன். குளிசைக்குப் பதிலாக அல்ல, இருபது நிமிடத்துக்குத் துணையாக.

விரதமிருந்து வெறும் வயிற்றோடு போனால் சத்தி வராதுதானே?

வரும், வெளியே வர ஒன்றுமில்லாமல் வரும். அது இன்னும் கொடுமை. விரதம்தான் என்றால் தண்ணியும் இளநீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இல்லையென்றால் பாண், இடியப்பம் இரண்டு, கதலி வாழைப்பழம் ஒன்று போதும். எண்ணெய் வடையும் பால் தேத்தண்ணியும் திரும்பி வந்த பிறகு.

உண்மையான ஆபத்து நயினாதீவில்தான் காத்திருக்கிறது. அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் போடுவார்கள். சுடச்சுடச் சோறும் சாம்பாரும் பாயாசமும். அதை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது, சொல்லவும் கூடாது. பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டு, மர நிழலில் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் படகேறுங்கள்.

பிள்ளைகளுக்கு எப்படி?

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் பெரும்பாலும் தப்பிவிடும். அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரையானவர்கள்தான் அதிகம் பாடுபடுவார்கள். பிள்ளை சொல்லத் தெரியாமல் சிணுங்கும், மடியில் சுருளும். அந்த நேரம் மடியில் படுக்கவைக்காமல் தூக்கி நிமிர்த்தி வெளியே காட்டுங்கள். மருந்து அளவைப் பிள்ளையின் வயதையும் எடையையும் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். பெரியவர் குளிசையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் சத்தி வந்தே விட்டால்?

வரட்டும், அடக்காதீர்கள். சொப்பிங் பேக் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக, ஓட்டை இருக்கிறதா என்று வீட்டிலேயே ஊதிப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். பையில்லாமல் ஓரத்துக்கு எழும்பி ஓடுவதுதான் ஆபத்து. அந்த நேரத்தில் காலில் பலம் இருக்காது, படகும் ஆடும். எடுத்தவுடன் பலருக்குக் கொஞ்சம் லேசாகும். வாயைக் கொப்பளித்து, மூச்சை மெதுவாக இழுத்துவிட்டு, தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டு இருங்கள். அடிவானம் பார்க்க முடியாத இடத்தில் இருந்தால் கண்ணை மூடுவது நல்லது, அரைகுறையாகப் பார்ப்பதைவிட.

கரைக்கு வந்ததும் ஜீவனி கரைத்து வாய் வாயாகக் குடிக்கலாம். இறங்கிச் சில மணி நேரம் கழித்தும் சத்தி நிற்காவிட்டால், அல்லது நெஞ்சு வலி, கடும் தலையிடி, பேச்சுக் குழறல் இருந்தால் அது கடலின் வேலை இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போகிற கப்பல் எப்படி?

படகோடு ஒப்பிட்டால் கப்பல் பெரிது, ஆனால் பயணம் ஏறத்தாழ நாலு மணி நேரம், பாக்கு நீரிணையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு. 2023 ஒக்டோபரில் தொடங்கிய சேவை சில நாட்களிலேயே மாரிக்காக நிறுத்தப்பட்டது. கடலைப் பற்றி அதுவே போதுமான பதில். பிரட்டுகிறவர்கள் மார்ச், ஏப்ரலைப் பாருங்கள், இல்லாவிட்டால் விமானத்தைப் பாருங்கள்.

மாலைதீவுக்கு ஹனிமூன் போகிறோம். அவருக்குப் படகே ஆகாது. என்ன செய்வது?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை போங்கள், அங்கே அதுதான் அமைதியான பருவம். மே தொடங்கினால் தென்மேற்குக் காற்று.

அறை பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "விமான நிலையத்திலிருந்து ஸ்பீட் போட்டில் எத்தனை நிமிடம்?" இருபது, இருபத்தைந்து நிமிடம் என்றால் சரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடுங்கள். விமானம் மாலேயில் காலையில் இறங்குகிற மாதிரிப் பாருங்கள், பின்னேரக் காற்றில் மாட்ட வேண்டியதில்லை. ஸ்பீட் போட்டில் பின்பக்கம் இருங்கள், முன்பக்கம் குதிக்கும், முதுகு முறியும்.

படகே வேண்டாம் என்றால் ஹுல்ஹுமாலே இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து டாக்சியில் போய்விடலாம், கடற்கரையும் உண்டு. ஹனிமூனுக்கு அது கொஞ்சம் பட்டணம் மாதிரித் தெரியும். ஆனால் மாப்பிள்ளை நிமிர்ந்து நிற்பார்.

நெடுந்தீவு போய் வந்து இரவாகிவிட்டது. படுத்தால் கட்டில் ஆடுகிற மாதிரி இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஆட்டத்துக்குப் பழகின மூளை, தரை நின்றுவிட்டது என்பதை நம்பக் கொஞ்ச நேரம் எடுக்கிறது. குளிக்கும்போது கண்ணை மூடினால் இன்னும் கூடத் தெரியும், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு நித்திரையோடு போய்விடும், சிலருக்கு அடுத்த நாளும் இருக்கும். அன்றைக்கு இரவே கொழும்புக்கு பஸ் ஏறுவதாக இருந்தால் அந்த டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.